டேக்-ஹோம் அனுப்பியாச்சு, பதிலைக் காணோம்

டேக்-ஹோம் அசைன்மென்ட் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான். "அனுப்பி ஒரு வாரம் ஆச்சு, சத்தமே இல்ல. கேக்கலாமா? கேட்டா தப்பா நினைப்பாங்களா?"

தாராளமா கேக்கலாம். ஆனா "எனி அப்டேட்?"னு ரெண்டே வார்த்தையில கேட்டா, "அண்டர் ரிவ்யூ, வந்ததும் சொல்றோம்"னுதான் பதில் வரும். அதை வெச்சு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. உபயோகமான பதில் வரணும்னா எப்படிக் கேக்கறது, ரிஜெக்ட் ஆனா ஃபீட்பேக் எப்படிக் கேக்கறது, இதுதான் இன்னைக்கு.

என் டீம்ல வர்ற டேக்-ஹோம்களை இப்போ நானும் ரிவ்யூ பண்றேன். அதனால அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். நீங்க ஹெச்.ஆருக்கு அனுப்பறீங்க. அவங்க கோடு படிக்க மாட்டாங்க. ஒரு இன்ஜினியர் பேர்ல அதை அசைன் பண்ணுவாங்க. அந்த இன்ஜினியருக்கு அவரோட சொந்த வேலை இருக்கு. ஒரு சப்மிஷனை ஒழுங்கா பாக்கணும்னா குளோன் பண்ணி, ஓட்டிப் பாத்து, டெஸ்ட்டைப் படிச்சு, எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஆனா அந்த ஒரு மணி நேரம் எந்த ஸ்பிரிண்ட்லயும் டிக்கெட்டா இருக்காது. ரிலீஸ் வாரம்னா அப்படியே தள்ளிப்போகும். ரிவ்யூ முடிஞ்சதும் ஸ்கோர்கார்டு ஒண்ணு நிரப்புவோம்: சரியா ஓடுதா, டெஸ்ட் எப்படி, கோடு படிக்க எப்படி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க், ரெண்டு வரி. அப்புறம் மேனேஜர் பாத்து முடிவு பண்ணுவார்.

ஆக, உங்க சப்மிஷன் மூணு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கலாம். ரிவ்யூவரே இன்னும் திறக்காம இருக்கலாம். ரிவ்யூ முடிஞ்சு மேனேஜர்கிட்ட இருக்கலாம். இல்லன்னா முடிவே எடுத்தாச்சு, உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தருக்கு ஆஃபர் போயிருக்கு, அவர் கையெழுத்து போடறாரான்னு காத்திருக்காங்க. நம்ம ஊர்ல நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள்னு இருக்கறதால இந்த மூணாவது வகை ரொம்ப இழுக்கும். வெளிய இருந்து பாத்தா மூணும் ஒரே மௌனம்தான். எந்த இடத்துல நிக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான் அந்த மெயில்.

என் காலேஜ் தோழி ஒருத்தியோட கேஸைச் சொல்றேன், அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். ஓ.எம்.ஆர்ல ஒரு ப்ராடக்ட் கம்பெனி, பேக்கெண்ட் வேலை. ஆர்டர் எடுக்கற ஒரு சின்ன ஏபிஐ எழுதணும், ஸ்டாக் குறையணும், மூணு நாள் டைம். ஞாயித்துக்கிழமை ராத்திரி முடிச்சு, கிட்ஹப்ல பிரைவேட் ரெப்போவா வெச்சு, அவங்க கொடுத்த யூசர்நேமுக்கு இன்வைட் அனுப்பிட்டா. திங்கள் காலையில ஹெச்.ஆர் "ரிசீவ்டு, தேங்க்ஸ்"னு ஒரு வரி அனுப்பினாங்க. அதோட சரி.

அந்த வாரம் சனிக்கிழமை எனக்குப் போன் பண்ணா. மெயில் டிராஃப்ட் எழுதி வெச்சிருந்தா, நாலு பத்தி. "இந்த வாய்ப்புக்காக நான் எவ்வளவு ஆர்வமா இருக்கேன்"னு ஆரம்பிக்குது. நான் சொன்னேன், "முதல்ல ரெப்போவுல `Settings` போய் `Collaborators` பாரு." பாத்தா, ரிவ்யூவர் பேருக்குப் பக்கத்துல `Pending Invite`னு நிக்குது. அதாவது ஆறு நாளா அந்த ரெப்போவுக்குள்ள அவர் வரவே இல்ல. கிட்ஹப் இன்வைட் ஏழு நாள்ல காலாவதி ஆயிடும். ஒரு நாள் விட்டிருந்தா, ரிவ்யூவர் நினைச்சாலும் உள்ள போக முடியாது.

இது அடிக்கடி நடக்கும். இன்வைட் மெயில் மத்த கிட்ஹப் மெயிலோட கலந்து காணாமப் போயிடும். கூகிள் டிரைவ்ல போட்ட கேஸ் ஸ்டடி பி.டி.எஃப்னா லிங்க் `Restricted`ல இருக்கும், ரிவ்யூவர் அக்சஸ் கேட்டு அனுப்பின மெயில் உங்க ப்ரோமோஷன்ஸ் குப்பைக்கு நடுவுல கிடக்கும். அதனால ஸ்டேட்டஸ் கேக்கறதுக்கு முன்னாடி லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோவுல திறந்து பாருங்க. பிரைவேட் ரெப்போன்னா கொலாபரேட்டர் லிஸ்ட்டைப் பாருங்க.

அப்புறம் அவ மெயிலைத் திருத்தினோம். இங்கிலீஷ்லதான் போச்சு, தமிழ்ல சொல்றேன். "வணக்கம். போன ஞாயிறு சமர்ப்பிச்ச பேக்கெண்ட் அசைன்மென்ட் பத்தி எழுதறேன். ரெப்போ இன்வைட் இன்னும் ஏத்துக்கப்படாம இருக்கறதா காட்டுது, நாளைக்கு அது காலாவதி ஆகும். வேற யூசர்நேமுக்கு அனுப்பணும்னா சொல்லுங்க, உடனே அனுப்பறேன். ஜிப் ஃபைல் லிங்க்கும் கீழ இருக்கு. ரிவ்யூ ஏறத்தாழ எந்தத் தேதிக்குள்ள முடியும்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்." அவ்வளவுதான். ஏற்கெனவே வந்த மெயிலுக்கே ரிப்ளையா போட்டா, புதுசா ஆரம்பிக்கல. ஹெச்.ஆர் ஒரே நேரத்துல பல பொசிஷன் பாக்கறவங்க, உங்க பேரை வெச்சுத் தேட விடாதீங்க.

சனிக்கிழமையே அனுப்பினதுக்குக் காரணம் அந்தக் காலாவதிதான். சாதாரணமா அவங்க ஒரு தேதி சொல்லியிருந்தா, அது தாண்டி ரெண்டு வேலை நாள் பொறுங்க. தேதியே சொல்லலன்னா அஞ்சு வேலை நாள். நடுவுல பொங்கல், தீபாவளி வந்தா அதைக் கழிச்சுக்கோங்க. இன்னும் நல்லது, சமர்ப்பிக்கற மெயில்லயே "எப்போ தெரியும்?"னு கேட்டுடறது. பாதிப் பேர் இதைச் செய்யறதில்ல.

திங்கள் மத்தியானம் பதில் வந்துச்சு. அந்த ரிவ்யூவர் லீவாம். வேற ஒருத்தர் யூசர்நேம் கொடுத்து, அடுத்த புதன்கிழமைக்குள்ள சொல்றோம்னு எழுதினாங்க. பாருங்க, இப்போ எந்த இடத்துல நிக்குதுன்னு தெரிஞ்சுடுச்சு. கையில ஒரு தேதியும் இருக்கு.

பதிலைப் படிக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. "டீம் இன்னும் பாக்கல"ன்னா முதல் இடம். "ஃபீட்பேக் பாசிட்டிவ், இன்டர்னல் அப்ரூவலுக்கு வெயிட்டிங்"னு ரெண்டு மூணு வாரம் ஓடினா, என் அனுபவத்துல, நீங்க ரெண்டாவது ஆளா இருக்க வாய்ப்பு அதிகம், இல்ல பட்ஜெட் நிக்குது. பொய் சொல்றாங்கன்னு அர்த்தமில்ல, ஆனா மத்த இன்டர்வியூவை நிறுத்தாதீங்க. வேற ஆஃபர் கையில இருந்தா தேதியோட சொல்லுங்க: "வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு இடத்துக்குப் பதில் சொல்லணும்." இந்த ஒரு வரி ஹெச்.ஆருக்கு மேனேஜர்கிட்ட போய்க் கேக்க ஒரு காரணத்தைக் கொடுக்கும். இல்லாத ஆஃபரைச் சொல்லாதீங்க, "சரி, அதையே எடுத்துக்கோங்க"ன்னு பதில் வந்தா முடிஞ்சது. கன்சல்டன்சி மூலமா போனவங்க இன்னொண்ணும் கேளுங்க: இந்த ஸ்டேட்டஸ் கம்பெனி சொன்னதா, இல்ல போர்ட்டல்ல பாத்துச் சொல்றீங்களா? போர்ட்டல்ல வாரக்கணக்கா பழைய ஸ்டேட்டஸே கிடக்கும்.

தோழிக்கு புதன்கிழமை வந்தது ரிஜெக்ட். டெம்ப்ளேட் மெயில், "வேறு விண்ணப்பதாரர்களுடன் தொடர்கிறோம்" வகை. மூணு நாள் உழைப்புக்கு மூணு வரி, கடுப்பாத்தான் இருக்கும். ஆனா அந்த ஸ்கோர்கார்டு உள்ள இருக்கு. அதுல ரெண்டு வரியை வெளிய வரவைக்கறதுதான் ஃபீட்பேக் கேக்கறது.

"என் அசைன்மென்ட்டுக்கு ஃபீட்பேக் தர முடியுமா?"ன்னு பொதுவா கேட்டா, ஹெச்.ஆர் அதை ரிவ்யூவருக்கு அனுப்பணும், ரிவ்யூவர் உக்காந்து ஒரு கட்டுரை எழுதணும், யாராவது அது கம்பெனிக்குப் பிரச்சினை ஆகாதான்னு பாக்கணும். அங்கயே செத்துடும். "ஏன் செலக்ட் ஆகல?"ன்னா இன்னும் மோசம், அது அப்பீல் மாதிரி கேக்கும். நான் ரிவ்யூவரா பதில் சொல்றது எதுக்குன்னா, கோடைப் பத்தின குறிப்பான கேள்விக்கு. அதுக்கு நிமிஷத்துல பதில் எழுதிடலாம்.

அதனால அவ இப்படிக் கேட்டா: "முடிவைச் சொன்னதுக்கு நன்றி, அதை மாத்தச் சொல்லிக் கேக்கல. ரிவ்யூ பண்ணினவர்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டுச் சொல்ல முடியுமா? ஸ்டாக்கைக் குறைக்கற பகுதியில என் அணுகுமுறை சரியா, இல்ல டெஸ்ட்டுகள்தான் குறைவா? ஒரு வரி போதும்." நாலு நாள் கழிச்சு ஹெச்.ஆர் ரெண்டு வரியை அப்படியே ஒட்டி அனுப்பினாங்க. ஒண்ணு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆர்டர் போட்டா ஸ்டாக் மைனஸ்ல போகுது. ரெண்டு, அந்த நிலைமைக்கு டெஸ்ட்டே இல்ல.

அவ கோடு முதல்ல ஸ்டாக் எவ்வளவுன்னு படிக்கும், ஒண்ணு மிச்சம் இருக்கான்னு பாக்கும், அப்புறம் தனியா ஒரு அப்டேட் போட்டு ஒண்ணைக் குறைக்கும். கடைசிப் பொருளை ரெண்டு பேர் ஒரே நொடியில கேட்டா, ரெண்டு பேருக்குமே "ஒண்ணு இருக்கு"ன்னு தெரியும், ரெண்டு பேருக்கும் விக்கும். சோதனையையும் குறைக்கறதையும் ஒரே வரியில வெச்சா போதும்:

```sql
UPDATE items SET stock = stock - 1
WHERE id = 42 AND stock > 0;
```

எத்தனை ரோ மாறுச்சுன்னு பாக்கணும். பூஜ்யம்னா ஸ்டாக் தீந்துடுச்சு, ஆர்டரை மறுத்துடலாம். தனியா ஓட்டிப் பாக்கறப்போ பழைய கோடும் சரியாத்தான் ஓடும், அதனாலதான் அவ கண்ணுல படல. அடுத்த கம்பெனி இன்டர்வியூல இதே கேள்வி வேற வேஷத்துல வந்துச்சு, சினிமா டிக்கெட் புக்கிங்கா.

இது எல்லா இடத்துலயும் நடக்காது. "ஃபீட்பேக் தர்றது எங்க பாலிசி இல்ல"ன்னு சில கம்பெனிகள் நேராவே சொல்லும். அப்போ நன்றி சொல்லி விட்டுடுங்க. ரிவ்யூவரை லிங்க்ட்இன்ல தேடிப் பிடிச்சுக் கேக்காதீங்க. எனக்கே வந்திருக்கு, ஹெச்.ஆருக்குத் தெரியாம பதில் சொல்ல முடியாது, சங்கடம்தான் மிச்சம். பதிலே வரலன்னா ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு நினைவூட்டல், அதோட நிறுத்திக்கலாம். அந்த நினைவூட்டலும் அதே த்ரெட்ல, அதே கேள்வியோட போகட்டும்.

கேஸ் ஸ்டடி, டிசைன் டாஸ்க் பண்றவங்க கேள்வியை உங்க வேலைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க: "நான் எடுத்துக்கிட்ட யூசர் பிரிவு தப்பா, இல்ல செலவுக் கணக்கா?"ன்னு. அடுத்த எபிசோட் நோட்டீஸ் பீரியட் பைஅவுட் பத்தி. பாக்கலாம்.