மசக்கை எது, ஆபத்து எது?

(யாழ்ப்பாணக் குடாநாட்டில் தாய்மார் கூட்டமொன்றில் நாங்கள் ஆற்றிய உரையின் சுருக்கம்)



யாழ்ப்பாணத்தில் ஓங்காளம், சத்தி என்கிறோம். தோட்டப்பக்கத்தில் மசக்கை, வாந்தி என்பீர்கள். பேர் எதுவானாலும் அது பெரும்பாலும் ஆறாவது கிழமையளவில் தொடங்கி, ஒன்பதாவது கிழமையளவில் உச்சத்துக்குப் போய், நாலாம் மாதத்துக்குள் அடங்கிவிடும். வாந்தி வந்தாலும் குடிக்கிற தண்ணீர் வயிற்றில் நின்றால் பயப்பட வேண்டாம்.

வெறும் வயிறுதான் குமட்டலைக் கூட்டும். விடிய எழும்பும் முன்னமே, படுக்கையிலேயே இரண்டு கிரீம் இல்லாத பிஸ்கட்டையோ ஒரு துண்டு ரொட்டியையோ மென்று தின்னுங்கள். கால் மணித்தியாலம் கழித்து மெதுவாக எழும்புங்கள். அதன்பின் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொஞ்சங் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். கஞ்சி, இடியப்பம், வாழைப்பழம், திரிபோஷா உருண்டை எல்லாம் நல்லது. பொரிச்ச மணம் ஒத்துவராவிட்டால் ஆறின சாப்பாடு மேல். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், இடையிடையே வாய்வாயாகக் குடியுங்கள். இஞ்சி போட்ட பிளேன்டீ சிலருக்குக் கைகொடுக்கும். ஆனால் சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கிளினிக்கில் தந்த போலிக் அசிட் குளிசையை விடாதீர்கள்.

இனி ஒரு தங்கச்சியை நினைத்துப் பாருங்கள். முதல் கிளினிக்கில் அவவின் நிறை 46 கிலோ. இரண்டு கிழமை கழித்து 43.5 கிலோ. இது இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. நேற்றுக் காலை தொடக்கம் குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை. எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லை. கடைசியாகப் போனதும் கடும் தேத்தண்ணி நிறம். எழும்பினால் தலை சுற்றுகிறது. மாமி, “மசக்கைதானே, போயிடும்” என்கிறா. இது மசக்கை இல்லை, உடம்பு வறண்டு போகிறது. நாளைக்கு என்று பார்க்காமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே சேலைன் ஏற்றுவார்கள். எத்தனை நாளாகச் சாப்பாடு நிற்கவில்லை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். நீண்டநாள் வாந்தியால் உடம்பில் பி1 சத்து வற்றிவிடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். பார்வை தடுமாறினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழம்பினாலும் அதையும் உடனே சொல்லுங்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம், தோள்மூட்டு வலி வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். அது வெடித்தால் உள்ளுக்குள் இரத்தம் போய் உயிருக்கே ஆபத்து. வாந்தியில் இரத்தம், காய்ச்சல், சிறுநீர் எரிவு இருந்தாலும் பொறுக்க வேண்டாம். ஒன்பதாவது கிழமைக்குப் பிறகு முதல்தடவையாக வாந்தி தொடங்கினாலும் வேறு காரணம் இருக்கலாம், டொக்டரிடம் காட்டுங்கள்.

வண்டி இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கர்ப்பிணி அட்டையை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.