பி மெமோவைக் கிழிக்காதீர்கள்

குளமும் வாய்க்காலும் நிறைந்த இலத்தூர், தென்காசிப் பகுதியில் பட்டா இல்லாத மனையில் வீடு கட்டியிருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு. அந்த சர்வே எண்ணுக்கு எதிரே நத்தம் என்று இருந்தால் பட்டா கேட்க வழியுண்டு. குளம், வாய்க்கால் என்று இருந்தால், எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் பட்டா கிடைப்பது அரிது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அந்த ஒரு சொல்தான் முடிவு செய்கிறது.

அடுத்தது, குடியிருப்பதற்கான சான்று. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிப் புறம்போக்கை வாங்கியதாகச் சிலர் காட்டுவார்கள். அரசு நிலத்தை விற்க எவருக்கும் உரிமை இல்லாததால் அந்தப் பத்திரம் உரிமையைத் தராது. ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் கதவு எண் இருக்கும், சர்வே எண் இருக்காது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த்துறை தரும் பி மெமோவில் ஆள் பெயர், சர்வே எண், பரப்பு, தேதி எல்லாம் இருக்கும். ஆக்கிரமித்ததாகக் குற்றம் சாட்டும் தாள் என்று பயந்து பலர் அதைக் கிழித்துவிடுகிறார்கள். ஆனால் இன்னார் இந்த இடத்தில் இருக்கிறார் என்று அரசே எழுதிக் கொடுத்த சான்று அது. அபராதம் கட்டிய ரசீதுகளையும் வீட்டு வரி ரசீதையும் ஆண்டு வாரியாகச் சேர்த்து வைத்தால், குடியிருப்பின் வரலாறே கையில் இருக்கும்.

இந்தச் சான்று நில உரிமை தராது. ஆனால் மின், குடிநீர் இணைப்பு கேட்க உதவும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, மின்சாரம் கேட்கும் தகுதியை உரிமையாளருக்கு மட்டுமின்றிக் குடியிருப்பவருக்கும் தருகிறது. தண்ணீருக்கும் இதே நியாயம் பொருந்தும். மும்பையில் குறிப்பிட்ட தேதிக்குப் பின் எழுந்த குடிசைகளுக்கு மாநகராட்சி குடிநீர் மறுத்தபோது, அங்குள்ள உயர் நீதிமன்றம் 2014-இல் அதை ஏற்கவில்லை. சட்டவிரோதக் குடிசையில் இருந்தாலும் உயிர் வாழும் உரிமையில் குடிநீர் அடங்கும், அதற்கு வழி செய்யுங்கள் என்றது. கூடுதல் கட்டணம் வாங்குவதைத் தடுக்கவில்லை. கழிப்பறைக்கும் இதைத்தான் சொல்வேன். தனிக் கழிப்பறை கட்ட மனை இடம் தராவிட்டால், பொதுக் கழிப்பறையாவது கேட்கலாம்.

இணைப்பு கொடுத்தால் ஆக்கிரமிப்பு நிலைத்துவிடும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். குளத்தை மேடாக்கி வீடு கட்டினால் பாசனமும் போகும், வெள்ளமும் வரும். நீர்நிலைகளில் இணைப்பு தர நீதிமன்றங்கள் தடை விதிப்பதும் அதனால்தான். ஆனால் எல்லாப் புறம்போக்கும் குளமல்ல. ஆட்சேபணையற்ற நிலத்தில், “இந்த இணைப்பை வைத்து நில உரிமை கோரமாட்டேன், அரசு கேட்கும்போது காலி செய்கிறேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு இணைப்பு தரலாம். நீர்நிலையில் இருப்பவரை மாற்றிடம் கொடுத்து நகர்த்துவதே சரி. அதுவரை குழந்தைகளின் குடிநீரை நிறுத்துவதால் குளம் மீளப்போவதில்லை. அங்கும், மாற்றிடம் கேட்பவர் எத்தனை ஆண்டு குடியிருந்தார் என்று காட்ட அதே பி மெமோவைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.