மனையில் எவ்வளவு கட்டலாம்?

வீடு கட்டப்போகிறவர்கள் பலர் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் சாதாரண வீட்டுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அப்படியானால் அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி மனையில், எல்லா மாடிகளையும் சேர்த்து 2400 சதுர அடி கட்டலாம்.

ஆனால் அது உச்சவரம்புதான். ஒரு மாடியில் எவ்வளவு வரும் என்பதைச் செட்பேக் தீர்மானிக்கிறது. அகலம் 30, நீளம் 40 அடி மனையில் முன்புறம் 5 அடியும் ஒரு பக்கம் 5 அடியும் விடுவதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 25க்கு 35, அதாவது 875 சதுர அடி. இரண்டு தளம் போட்டாலும் 1750தான். உங்கள் மனைக்குரிய செட்பேக் சாலை அகலம், கட்டட உயரம், மனையின் அளவைப் பொறுத்து மாறும்.

செட்பேக்கில் கோளாறு பெரும்பாலும் கடைக்கால் தோண்டும் நாளில் நுழைகிறது. மேஸ்திரி கயிறு கட்டுவது சுவரின் நடுக்கோட்டில். ஒன்பது அங்குலச் சுவரின் பாதி, நாலரை அங்குலம், கோட்டுக்கு வெளியே வரும். பூச்சு தனி. ஆகவே எல்லையிலிருந்து பூச்சு முடிந்த வெளிமுகம் வரை எவ்வளவு மிஞ்சும் என்று அன்றைக்கே டேப் பிடித்துப் பாருங்கள். கான்கிரீட் போட்டபின் சுவரை நகர்த்த முடியாது.