மின்தாள் திரையும் மெய்யெழுத்தின் புள்ளியும்



நூல்களை அச்சேறுமுன் ஒப்புநோக்கும் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவரும் ஒருவர், மடிக்கணினியின் ஒளிர்திரையை நாள் முழுவதும் பார்த்துக் கண் சோர்ந்தார். அதனால் அதன் அருகே மின்தாள் திரையொன்றை இரண்டாந் திரையாக வைத்துக்கொண்டார். பதின்மூன்று அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அத்திரையை நிமிர்த்தி நிறுத்தினால் நூலின் ஒரு பக்கம் முழுமையாக அதில் அடங்கும். பக்கத்தை அதிலே படிப்பதும் திருத்தத்தை மடிக்கணினியிலே பதிவதும் அவர் வகுத்துக்கொண்ட முறை.

மின்தாள் தானாக ஒளிர்வதில்லை; காகிதம்போல் தன்மேல் விழும் ஒளியாலேயே தெரிகிறது. அதன் பரப்பில் மயிரிழையின் பருமனளவான நுண்குமிழ்கள் நிரம்பியுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. இரண்டும் எதிரெதிரான மின்னேற்றம் உடையவை. மின்னழுத்தம் எவற்றை மேலே இழுக்கிறதோ அவற்றின் நிறமே கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் நின்ற பின்னும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். இத்திரையின் சிறப்பும் இதுவே, தொல்லையும் இதுவே.

துகள்கள் நகர நேரம் வேண்டும். பதினாறு படிச் சாம்பல் நிறங்களையும் செம்மையாகக் காட்ட ஏறத்தாழ அரை விநாடி செல்லும். தட்டும் எழுத்து அவ்வளவு தாமதித்து வந்தால் எழுதுவோர் கை தடுமாறும். அதனால் விரைவு முறை என்றொன்று வைத்திருக்கிறார்கள். அது சாம்பலை விட்டுக் கறுப்பு வெள்ளை இரண்டை மட்டும் காட்டும்; துகள்களையும் முழுதாகத் தள்ளாது. எழுத்து உடனே தோன்றும். ஆனால் முன்பிருந்த எழுத்தின் சாயல் முற்றாக மறையாமல் மங்கலாகத் தங்கிவிடும்.

நம் ஒப்புநோக்காளர் விரைவு முறையிலேயே படிக்கவும் தொடங்கினார். அவர் கையிலிருந்ததோ கல்வி வரலாறு பற்றிய நூல். முதல் நாளிலேயே பக்கத்துக்கு நாலைந்து இடங்களில் மெய்யெழுத்துகள் புள்ளியிழந்து நின்றன. ‘கல்வி’ என்ற சொல் புள்ளியிழந்தால் என்னவாகும் என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை! திருத்தப் போனவர் மடிக்கணினியைப் பார்த்தால் அங்கே புள்ளி சரியாகவே இருந்தது. கணினி எழுத்தின் விளிம்புகளைச் சாம்பலால் மென்மையாக்குவது வழக்கம். சிறிய எழுத்தில் புள்ளி பெரும்பாலும் சாம்பலாகவே அமைகிறது. விரைவு முறை அதை வெள்ளையென்று தள்ளிவிட்டது.

இல்லாத பிழையைத் தேடியதால் நேரம் மட்டுமே வீணாயிற்று. மறுநாள் நேர்ந்தது அதனினும் கொடிது. உண்மையிலேயே புள்ளி விடுபட்ட ஓரெழுத்தின் தலைமேல் முந்திய பக்கத்துப் புள்ளியின் சாயல் விழுந்திருந்தது. கண் அதைப் புள்ளியென்றே நம்பிக் கடந்துவிட்டது. பின்னர் காகிதப் படியைப் பார்த்தபோதுதான் பிழை அகப்பட்டது.

கறுப்பை மிகுத்தால் குறை தீரும் என்றெண்ணி வேறுபாட்டு அளவை உச்சத்துக்கு ஏற்றினார். புள்ளிகள் திரும்பி வந்தன. ஆனால் கோடுகள் தடித்து, ‘ண’கரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பி, ‘ன’கரத்திலிருந்து அதைப் பிரித்தறிவது அரிதாயிற்று. ஒரு நோய்க்கு மருந்து இன்னொரு நோயைத் தந்தது.

இறுதியில் அவர் எழுத்துக்கு ஒரு முறையும் வாசிப்புக்கு ஒரு முறையும் வகுத்தார். குறிப்பெழுதும்போது மட்டும் விரைவு முறை. அப்போது எழுத்தைப் பெரிதாக்கி, சிமிட்டும் எழுதுகுறியையும் நிறுத்திவிடுவார். படிக்கும்போது பதினாறு படி முறை. பக்கத்தை உருட்டாமல், ஒரே தாவலில் மறுபக்கம் செல்வார். ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுப் புதுப்பிப்புப் பொத்தானை அழுத்துவார்; திரை ஒருமுறை கறுத்து வெளுத்துச் சாயலைத் துடைத்துவிடும். அந்தச் சிமிட்டல் சிலருக்கு எரிச்சலூட்டும். பக்கத்துக்கு ஒருமுறை என்றால், ஏட்டைப் புரட்டும் அசைவளவே அது.

வேறுபாட்டளவை அமைக்க அவர் கண்ட வழி எளிது. ‘ண, ன, ங், ள், ற்’ என்று ஒரு வரி எழுதி, நூலின் எழுத்தளவிலேயே மின்தாளில் வைப்பார். புள்ளிகள் எல்லாம் தெரியும்வரை கறுப்பை ஏற்றுவார். ‘ண’கரச் சுழிகள் அடைபடத் தொடங்கியதும் ஒரு படி இறக்குவார். இரண்டும் ஒத்துவராவிட்டால் குறை அளவில் இல்லை, எழுத்தின் சிறுமையிலேயே உள்ளது என்று அறிந்து, பக்கத்தைப் பெரிதாக்குவார்.

மற்றொரு நுட்பமும் உண்டு. கணினி இரு திரையிலும் ஒரே காட்சியைக் காட்டும்படி இருந்தால், மடிக்கணினியின் அளவு மின்தாள்மேல் திணிக்கப்பட்டு எழுத்து மங்கக்கூடும். ஆகவே Windows கணினியில் `Extend` என்பதைத் தெரிந்து, மின்தாளைத் தனித்திரையாக்கி, அதற்குரிய புள்ளியளவையே கொடுத்தார்.

மேசையும் இடம் மாறியது. ஒளிர்திரைக்கு ஆகாத சன்னலோரம் மின்தாளுக்கு ஏற்றதாயிற்று. மாலை மங்கியதும் தாளுக்கு வைப்பதுபோல் பக்கவாட்டில் ஒரு விளக்கை வைக்கிறார். படங்களின் நிறத்தைச் சரிபார்க்க மட்டும் இன்றும் மடிக்கணினியின் பக்கமே திரும்புகிறார்.