அனாமத்தில் நின்ற 2,900 ரூபாய்

(குழுக்களின் ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்கான கணக்குப் பயிற்சியில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "கூட்டமைப்பு அறிக்கையில அனாமத்துக் கணக்குன்னு ஒரு வரி இருக்கே, அது யாரு பணம்?" நல்ல கேள்வி. நாங்கள் நேரில் பார்த்த ஒரு கணக்கை வைத்தே பதில் சொல்கிறோம்.

ஒரு கூட்டமைப்பில் டிசம்பர் 31-ஆம் தேதி இருப்பாய்வு போட்டோம். இருப்பாய்வு என்றால், பேரேட்டில் உள்ள எல்லாக் கணக்குகளின் நிலுவையையும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிக் கூட்டிப் பார்ப்பது. இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டும். அன்று பற்று 3,86,400 ரூபாய், வரவு 3,83,500 ரூபாய். வரவுப் பக்கம் 2,900 குறைந்தது.

முதலில் பெட்டியில் உள்ள ரொக்கத்தை எண்ணினோம். வங்கிப் பாஸ் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தோம். இரண்டும் ரொக்கப் புத்தகத்தோடு சரியாக இருந்தன. அப்படியானால் பணம் எங்கேயும் போகவில்லை, பேரேட்டில் எழுதியதில்தான் தவறு. ரொக்கமே குறைந்திருந்தால் அதை அனாமத்தில் போட்டு மூடக்கூடாது. கூட்டத்தில் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி விசாரிக்க வேண்டும்.

இரவு வரை தேடியும் தவறு கிடைக்கவில்லை. அதனால் 2,900 ரூபாயை அனாமத்துக் கணக்கில் வரவு வைத்து இருப்பாய்வைச் சமமாக்கினோம். இது யாருடைய பணமும் இல்லை. "இங்கே ஒரு தவறு இருக்கிறது, தேட வேண்டும்" என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

ஜனவரி கூட்டத்தில் ஒரு குழுத் தலைவி எழுந்தார். "எங்க கடன் பாக்கி 2,000 ரூபா கூட இருக்கே! டிசம்பர்லயே கட்டியாச்சு, ரசீது கையில இருக்கு" என்றார். ரசீதைப் பார்த்தோம். ரொக்கப் புத்தகத்திலும் அந்த வரவு இருந்தது. ஆனால் அந்தக் குழுவின் கடன் கணக்குக்கு அதை எடுத்து எழுத மறந்துவிட்டார்கள்.

2,900-இல் 2,000 போக மீதி 900. இது 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். இப்படி வந்தால் எண்கள் இடம் மாறியிருக்குமோ என்று பார்ப்பது வழக்கம். வட்டிக் கணக்கைப் பார்த்தோம். ரொக்கப் புத்தகத்தில் 5,400, பேரேட்டில் 4,500! எப்போதும் இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே முதலில் தேடுவது என்று காட்டும்.

இதை எப்படித் திருத்துவது? பழைய எண்ணை அடிக்கக்கூடாது, வெள்ளை மையும் பூசக்கூடாது. ரொக்கப் புத்தகத்திலும் புதிதாக எழுதக்கூடாது, ஏனென்றால் இன்று பணம் கை மாறவில்லை. குறிப்பேட்டில் இன்றைய தேதியிட்டு எழுதினோம்:

அனாமத்துக் கணக்கு பற்று 2,000. குழுக் கடன் கணக்கு வரவு 2,000. (டிசம்பரில் கட்டிய கடன் தவணை பேரேட்டில் விடுபட்டது, இப்போது சரி செய்யப்பட்டது.)

அனாமத்துக் கணக்கு பற்று 900. வட்டி வருமானக் கணக்கு வரவு 900. (5,400-க்குப் பதில் 4,500 எழுதியது சரி செய்யப்பட்டது.)

ஒவ்வொரு பதிவுக்குக் கீழும் காரணத்தையும் ரசீது எண்ணையும் எழுதினோம். பிறகு பேரேட்டிலும் ஏற்றினோம். அனாமத்துக் கணக்கில் மீதி ஒன்றுமில்லை.

இன்னொன்றும் பாக்கி இருந்தது. கடன் 2,000 கூடுதலாகக் காட்டியதால், மாதம் 100-க்கு 1 ரூபாய் வீதம் ஜனவரியில் 20 ரூபாய் வட்டியை அந்தக் குழுவிடம் அதிகமாக வாங்கியிருந்தோம். அதை வட்டி வருமானக் கணக்கில் பற்று எழுதி, குழுக் கடன் கணக்கில் வரவு வைத்துக் குறைத்தோம். இதில் அனாமத்துக் கணக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் சமமாக எழுதிய தவறு இருப்பாய்வில் தெரியாது. ஒரு குழு கட்டியதை வேறு குழுவின் கணக்கில் வரவு வைத்தாலும் அப்படித்தான், கூட்டல் சமமாகவே வரும். உங்கள் ரசீதையும் பேரேட்டையும் ஒப்பிட்டால்தான் கண்டுபிடிக்க முடியும்.

மார்ச் 31-இல் கணக்கு முடித்த பிறகு போன வருட வட்டியில் தவறு தெரிந்தால், அதை இந்த வருட வட்டியில் சேர்க்க வேண்டாம். போன வருட உபரியில் சரி செய்ய வேண்டும். அப்போது தணிக்கையாளரிடம் கேட்டு எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது, அனாமத்தில் தொகை நின்றால், "எந்த மாதத்திலிருந்து நிற்குது, என்ன தேடினீங்க?" என்று கேளுங்கள். கையில் ரசீதோடு கேளுங்கள். அந்தத் தலைவி கேட்டதால்தான் 2,900-க்கும் விடை கிடைத்தது.