டைனி என்னும் முரட்டு முயல்



வளர்த்த உயிர் மறைந்தபோது எழுதப்படும் இரங்கற்பாக்களை ஒரு சிறு சோதனைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். இறந்த விலங்கின் பெயரை நீக்கிவிட்டு, வேறொன்றின் பெயரை அங்கே இட்டால் போதும். நன்றி மறவாத உயிர், வாய் பேசாத் தோழன், வானுலகில் காத்திருக்கும் செல்வம் ஆகிய தொடர்கள் எந்த நாய்க்கும் பொருந்தும், எந்தக் கிளிக்கும் பொருந்தும். எழுதியவரின் துயரம் மெய்யாகவே இருக்கலாம். எனினும் இறந்தது எது என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர் தாம் வளர்த்த காட்டு முயலுக்கு எழுதிய கல்லறைப் பாடல் இச்சோதனையில் தேறி நிற்பது. கூப்பர் கடும் மனச்சோர்வால் பலமுறை அல்லலுற்றவர். ஓல்னி என்னும் சிற்றூரில் வாழ்ந்த அவர், 1774ஆம் ஆண்டில், நோய் முற்றும் நீங்காத நிலையில், மனத்திற்கு ஒரு வேலை வேண்டி மூன்று முயற்குட்டிகளை வளர்க்கலானார். புஸ், டைனி, பெஸ் என்பன அவற்றின் பெயர்கள். பெண் பெயர்போல் ஒலித்தாலும் மூன்றும் ஆண்களே. கழுவிய கூட்டின் ஈரம் உலருமுன் அதில் அடைக்கப்பட்டதால் பெஸ் இளமையிலேயே இறந்தது. எஞ்சிய இரண்டின் இயல்பையும் கூப்பர் 1784இல் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் உரைநடையாக வரைந்தார். புஸ் மூன்று நாள் நோயுற்றுத் தேறியபோது அவர் கையை நக்கி நன்றி காட்டிற்று: முதலில் புறங்கை, பிறகு உள்ளங்கை, பிறகு ஒவ்வொரு விரல், விரல்களின் இடுக்கு என ஓரிடமும் விடாமல். டைனியும் நோயுற்றது. அதற்கும் அதே பணிவிடை கிடைத்தது. தேறியபின் தடவிக்கொடுக்கப் போனால் உறுமும், முன்னங்காலால் அடிக்கும், பாய்ந்து கடிக்கும்.

பாடல் பெற்றது இந்த டைனிதான் என்பது கருதத்தக்கது. நக்கிய முயலைப் பாடுவது எளிது.

நம் கையறுநிலைப் பாடல்கள் இறந்தோனின் கொடையையும் வீரத்தையும் சொல்லிச் சொல்லி இரங்குவன. டைனிக்கு அவ்வாறு சொல்ல ஒரு சிறப்பும் இல்லை. பதினொரு செய்யுள் கொண்ட அப்பாடலில் கூப்பர் அதை முரடன் என்றே அறிமுகப்படுத்துகிறார். நாள்தோறும் தம் கையால் உணவு பெற்றும், முடிந்தபோதெல்லாம் கடித்தது என்கிறார். அடுத்து வருவது உணவுப் பட்டியல்: கோதுமை ரொட்டி, பால், ஓட்ஸ், வைக்கோல், முட்பூண்டு, லெட்டூஸ் கீரை, வயிற்றைத் துப்புரவாக்க மணல். முட்செடிச் சுள்ளியும் ஆப்பிள் தோலும் விருப்பமானவை. பசுந்தழை கிடைக்காத நாளில் நறுக்கிய கேரட். துருக்கிக் கம்பளமே அதன் புல்வெளி. அங்கே அது மான்குட்டிபோல் துள்ளும். மாலையில் அச்சம் நீங்கித் துள்ளும். மழையோ புயலோ நெருங்கும்போது இன்னும் மிகுதியாகத் துள்ளும்.

இப்பட்டியலில் 'அன்பு' என்னும் சொல் இல்லை. ஆயின் கேரட்டை நறுக்கியவர் யார், மணலின் தேவையை அறிந்து வைத்தவர் யார், மழைக்கு முந்தைய துள்ளலைப் பல மாலைகள் அமர்ந்து கண்டவர் யார் என்று கேட்டால் விடை ஒன்றே. முயலின் பழக்கங்களைச் சொல்லும் வரிகள் வளர்த்தவரின் நாள்களையும் சொல்லிவிடுகின்றன. விலங்கின் வழக்கங்களை வெறுமனே அடுக்கினால் இது நேராது. கையிலிருந்து உண்ட வாயே அக்கையைக் கடித்தது என்னும் முரண் முன்னே நிற்பதால்தான் பின்வரும் ஒவ்வோர் உணவுப் பொருளும் கனம் பெறுகிறது. முயல் அன்பைத் திருப்பித் தந்தது என்று ஒரு வரி புனைந்திருந்தால் பாடலே சரிந்திருக்கும்.

தம் துயரைப் பற்றிக் கூப்பர் சொல்வது ஒரே செய்யுள். எட்டு ஆண்டும் ஐந்து திங்களும் அது வாழ்ந்ததைக் கூறியபின், மனத்தை வருத்தும் எண்ணங்களிலிருந்து அது தம்மைத் திருப்பிச் சிரிக்க வைத்ததால் வளர்த்ததாகச் சொல்லி நிறுத்துகிறார். அந்த எண்ணங்கள் எவை என்று விளக்கவில்லை. அவருடைய வாழ்க்கையை அறிந்தவருக்கு அந்த மௌனம் அச்சமூட்டும்.

ஆறுதல் சொல்லும் இடம் வரும்போதுதான் இத்தகைய பாடல்கள் பெரும்பாலும் இனித்துக் கெடும். டைனி இப்போது வால்நட் மர நிழலின் கீழ் மறைந்து கிடந்து, புஸ்ஸின் வரவுக்குக் காத்திருக்கிறது என்கிறார் கூப்பர். காத்திருத்தல் உண்டு; வானுலகம் இல்லை. பதுங்கிக் கிடப்பது உயிரோடிருந்த முயலின் வழக்கமே. புஸ் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அவர் இனிய விடை தரவில்லை. அதுவும் முதுமையுற்றது, எந்தப் பேணலும் அதைக் காக்காது, கூட்டில் பங்குகொண்டது குழியிலும் விரைவில் பங்குகொள்ளும் என்பதோடு பாடல் முடிகிறது.

புஸ் 1786 மார்ச் 9 அன்று இறந்தது. கூப்பர் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அதன் அகவை பதினோராண்டு பதினொரு திங்கள், இறந்தது நண்பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையே, காரணம் முதுமை, வலி இருந்ததாகத் தெரியவில்லை.