வார்டு மாறினால் வரி மாறுமா?

(நம் குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்த நாளிலிருந்து நம் வளாகத்தில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், நம்ம வார்டு மாறிடுச்சாமே, சொத்து வரியும் ஏறுமா?" வங்கியில் எழுத்தராக இருந்தவன் என்பதால் ரசீது, கணக்கு என்றால் என்னிடம் வந்துவிடுகிறீர்கள். அதற்கான பதிலைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

வார்டு எதற்காக? கவுன்சிலர் தேர்தலுக்காக. ஒவ்வொரு வார்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மக்கள் இருக்கும்படி எல்லைக்கோடு போடுகிறார்கள். மக்கள் தொகை மாறும்போது கோடும் மாறும். நம் ஊரில் முதலில் 198 வார்டுகள் இருந்தன. 2022-இல் அதை 243 ஆக்கினார்கள், 2023-இல் 225 என்றார்கள், இப்போது ஐந்து மாநகராட்சிகளுக்கும் புதிதாகப் பிரித்திருக்கிறார்கள். இத்தனை மாற்றத்திலும் சொத்து வரிக்கான இட வகைப்பாட்டை யாரும் தொடவில்லை. ஏனென்றால் அது வேறு அடிப்படையில் போடப்பட்ட கணக்கு.

2008 ஏப்ரல் முதல் இங்கே அலகுப் பரப்பு மதிப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. நகரத்தை ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று ஆறு வரி மண்டலங்களாக வகுத்தார்கள். இதற்கு அளவுகோல், பத்திரப் பதிவுத் துறை வெளியிடும் வழிகாட்டி மதிப்பு. வீடு வாங்கும்போது முத்திரைத் தீர்வை கட்ட அடிப்படையாக வைத்தோமே, அதே மதிப்புதான். மதிப்பு மிக உயர்ந்த தெருக்கள் ஏ, மிகக் குறைந்தவை எஃப்.

இங்கே 'தெரு' என்பதைக் கவனியுங்கள். வகைப்பாடு தெருவுக்குத்தான், வார்டுக்கு அல்ல. ஒரே வார்டில் மெயின் ரோடு பி-யாகவும், அதற்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தெரு டி-யாகவும் இருக்கலாம். இன்னொரு குழப்பமும் உண்டு. கிழக்கு, மேற்கு, மகாதேவபுரா, பொம்மனஹள்ளி என்று மாநகராட்சிக்கு எட்டு நிர்வாக மண்டலங்கள் இருந்தன. அவையும் 'ஜோன்', இவையும் 'ஜோன்'. ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அது அலுவலகம் எங்கே என்று சொல்லும். இது சதுர அடிக்கு என்ன விலை என்று சொல்லும்.

அப்படியானால் ரசீதில் வார்டு எண் ஏன் வருகிறது? அது முகவரிக்காக. நம் சொத்தின் பி.ஐ.டி எண் மூன்று பகுதிகள் கொண்டது: வார்டு எண், தெரு எண், மனை எண். மண்டலப் பட்டியலில் நம் தெருவைத் தேடவும் வார்டு தேவைப்படும். வங்கிக் கணக்கு எண்ணில் கிளையின் எண்ணும் இருந்ததல்லவா, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளை எண் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்காது. ஆகவே பழைய பி.ஐ.டி எண்ணில் இருக்கும் வார்டும் இன்றைய வார்டும் வேறாக இருந்தால் பதற வேண்டாம்.

இப்போது மண்டலம் பணத்தில் என்ன செய்யும் என்று பார்ப்போம். எளிமைக்காக 2008 விகிதத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2016-இல் வீடுகளுக்கு 20 சதவீதம் வரை உயர்த்தினார்கள், ஆனால் கணக்குப் போடும் விதம் மாறவில்லை. கான்கிரீட் தளம் போட்ட வீடு, சொந்தக் குடியிருப்பு, 1,000 சதுர அடி. டி மண்டலத்தில் சதுர அடிக்கு மாதம் ரூ.1.60. வருடத்துக்கு 12 மாதம் அல்ல, 10 மாதம்தான் கணக்கு. ஆக ரூ.16,000. கட்டடத்தின் வயதுக்கான தேய்மானத்தை இதில் கழிப்பார்கள். அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். இதில் 20 சதவீதம் வரி ரூ.3,200. அந்த வரியின் மேல் 24 சதவீதம் செஸ் ரூ.768. மொத்தம் ரூ.3,968.

அதே வீடு சி மண்டலமானால் விகிதம் ரூ.1.80. மதிப்பு ரூ.18,000, வரி ரூ.3,600, செஸ் ரூ.864, மொத்தம் ரூ.4,464. வித்தியாசம் வருடத்துக்கு ரூ.496. வாடகைக்கு விட்டிருந்தால் விகிதமே இரட்டிப்பு என்பதால் வித்தியாசமும் இரட்டிப்பு, ரூ.992.

ஐந்நூறு ரூபாய்தானே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. 2016-இல் விகிதத்தை உயர்த்தியதோடு, புதிய வழிகாட்டி மதிப்பை வைத்துப் பல தெருக்களின் மண்டலத்தையும் மாற்றினார்கள். டி-யாக இருந்த தெரு சி ஆனது. நம் வீட்டில் எதுவும் மாறவில்லை: அதே பரப்பு, அதே பயன்பாடு. மாற்றம் இல்லாதவர்கள் நிரப்புவது 4-ஆம் எண் படிவம், மாற்றம் இருந்தால் 5-ஆம் எண். 'என் வீட்டில் மாற்றமில்லை' என்று பழைய மண்டலத்திலேயே பல பேர் கட்டி வந்தார்கள். தெரு மாறியது அவர்கள் கண்ணில் படவில்லை. சில ஆண்டுகள் கழித்துச் சுமார் 78 ஆயிரம் சொத்துகளுக்கு நோட்டீஸ் போனது.

நோட்டீஸில் வித்தியாசத் தொகை மட்டும் இல்லை. அப்போதைய விதிப்படி குறைவாகக் கட்டிய வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், மாதம் 2 சதவீதம் வட்டி. நம் கணக்கில் ஆறு வருடம் அப்படிக் கட்டியிருந்தால் வித்தியாசம் ரூ.2,976. வரியில் மட்டும் வருடம் ரூ.400 குறைவு என்பதால் அபராதம் ரூ.800 வீதம் ஆறு வருடத்துக்கு ரூ.4,800. வட்டி சேர்க்கும் முன்பே ரூ.7,776.

ஆகவே கவனிக்க வேண்டியது வார்டு அறிவிக்கையை அல்ல, மண்டல அறிவிக்கையை. வழிகாட்டி மதிப்பு ஏறினாலே மண்டலம் ஏறிவிடும் என்பதும் இல்லை. 2023 அக்டோபரில் கர்நாடகம் முழுவதும் அந்த மதிப்பை உயர்த்தினார்கள், ஆனால் அதனால் மட்டும் யார் வரி மண்டலமும் மாறவில்லை. மாநகராட்சி தனியாக அறிவித்தால்தான் மாறும்.

நாம் செய்ய வேண்டியது இதுதான். கடைசி ரசீதில் பி.ஐ.டி எண்ணையும் வரி மண்டலத்தின் எழுத்தையும் பாருங்கள். மண்டலப் பட்டியலில் அந்தத் தெருவுக்கு அதே எழுத்துதான் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நமக்கு இரண்டு தெருக்களில் கேட் இருப்பதால், எந்த கேட்டை உபயோகிக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, காத்தாவில் எந்தத் தெரு பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, பக்கத்து வீட்டு ரசீதையும் வாங்கிப் பாருங்கள். ஒரே கட்டடத்தில், ஒரே தெருப் பதிவில் உள்ள வீடுகளுக்கு இரண்டு எழுத்து வரக்கூடாது. வந்திருந்தால் இருவரில் ஒருவர் தவறாகக் கட்டுகிறார். குறைவாகக் கட்டுபவருக்கு நோட்டீஸ் வரும், கூடுதலாகக் கட்டுபவருக்கு எதுவும் வராது. அதனால் அவரும் பார்த்துக்கொள்வது நல்லது.

சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிளாக், வீட்டு எண், ரசீதில் உள்ள மண்டல எழுத்து, மூன்றை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள். எல்லா வீடும் சேர்ந்ததும் எங்கே எழுத்து மாறுகிறது என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். அடுத்த ஏப்ரலில் வரி கட்டும் முன்பே அதைச் சரிசெய்து கொள்ளலாம்.